கடைசி நாற்பது நாள்: ஆய்வேட்டை முடிக்கும் தோழிக்கு என்ன கொடுப்பது?

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாற்பது நாள் இருக்கும்போது திருநெல்வேலியில் இருக்கும் என் தோழியிடம், "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்று கேட்டேன். நான் சென்னையில் இருக்கிறேன். நல்ல கைக்கடிகாரமோ பட்டுப் புடவையோ வாங்கலாம் என்று மனதுக்குள் எண்ணியிருந்தேன். அன்றிரவு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. பதினேழு நூல்களின் பெயர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு குறை. ஒன்றில் பதிப்பு ஆண்டு இல்லை, இன்னொன்றில் அச்சகத்தின் பெயர் இல்லை, மற்றொன்றில் மேற்கோள் எடுத்த பக்க எண் ஐயம். கீழே ஒரு வரி: "ஏட்டி, இதை மட்டும் பாத்துச் சொன்னா எனக்கு ஒரு வாரம் மிச்சம்."

முனைவர் பட்ட ஆய்வின் கடைசிக் கட்டம் எப்படி இருக்கும் என்று எனக்கு அந்தப் பட்டியலில்தான் விளங்கியது. சிந்திக்க வேண்டியதையெல்லாம் அவள் சிந்தித்து முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தவை சில்லறை வேலைகள்: சரிபார்ப்பது, திருத்துவது, அச்சடிப்பது, கையெழுத்து வாங்குவது. ஒவ்வொன்றும் சிறியது, ஆனால் எதையும் விட முடியாது. அவளுக்கோ ஆறு ஆண்டுக் களைப்பு. ஐந்தாண்டு உதவித்தொகையும் முடிந்து, கையிருப்பில் வாழ்ந்துகொண்டிருந்தாள். இந்த நிலையில் இருக்கும் ஒருவருக்குக் கொடுக்கத் தகுந்த பரிசு அவருடைய பட்டியலில் ஒரு வரியை அடித்துவிடுவது. எந்த வரியை அடிக்கலாம், எந்த வரியில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

அவள் ஆய்வு தென்மாவட்டக் கதைப்பாடல்கள் பற்றியது. வில்லுப்பாட்டில் பாடப்படும் கதைகள் அச்சில் வந்தபோது என்ன மாறின என்பதுதான் கேள்வி. எனவே அவளுக்குப் பழைய மலிவுப் பதிப்புகள் வேண்டியிருந்தன. இவற்றில் பல ஊர் நூலகங்களில் கிடைக்காது. கன்னிமாரா பொது நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தேட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து இதற்கென்று வந்தால் ரயில் கட்டணம், தங்கும் செலவு, மூன்று நாள். எனக்கு இரண்டு சனிக்கிழமைகள்.

போவதற்கு முன்பு அவள் சொன்ன ஒரு குறிப்பு இல்லையென்றால் என் வேலை பாதி வீணாகியிருக்கும். மேற்கோள் இருக்கும் பக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. முகப்புப் பக்கம், பதிப்பு விவரம் உள்ள பக்கம், மேற்கோள் பக்கம் என்று மூன்றையும் பார்க்க வேண்டும். படம் எடுக்க நூலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், அனுமதி இல்லையென்றால் எழுத்துக்கு எழுத்து கையால் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே கதைப்பாடலைப் பல அச்சகங்கள் பலமுறை வெளியிட்டிருக்கும். அட்டையைப் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும், உள்ளே பக்கங்கள் வேறாக இருக்கும். அவள் எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினாளோ அதே பதிப்பா என்று இந்த மூன்று பக்கங்களையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆண்டில் இன்னொரு சிக்கல். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இருக்காது, தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருக்கும். 'சர்வசித்து வருடம்' என்று போட்டிருந்தால் அது 1887ஆம் ஆண்டா, 1947ஆம் ஆண்டா? பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் இரண்டும் சர்வசித்துதான். தாள், எழுத்துரு, விலை, அச்சகத்தின் முகவரி இவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்று முடிவுசெய்ய வேண்டும். மாதத்தையும் பார்க்க வேண்டும். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் 1887 சித்திரையில் பிறந்த சர்வசித்து, 1888 பங்குனியில்தான் முடியும். 'சர்வசித்து மாசி' என்றிருந்தால் அது 1888. பட்டியலில் இருந்த ஒரு நூலில் இந்த ஒரு மாதத்தால் ஆண்டு தவறியிருந்தது. அதைக் கண்டு சொன்னபோது அவள் மகிழ்ந்ததைப் போல் எந்தப் புடவைக்கும் மகிழ்ந்திருக்க மாட்டாள் என்று உறுதியாகச் சொல்வேன்.

பதினேழில் பதினான்கு கிடைத்தன. கிடைக்காத மூன்றையும் எங்கெங்கே தேடினேன் என்று எழுதி அனுப்பினேன். அவள் அவற்றைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், தான் எந்தப் படியைப் பார்த்தாளோ அதன் குறைபாட்டையே அடிக்குறிப்பில் நேர்மையாகச் சொல்லிவிட்டாள். தேடிக் கிடைக்கவில்லை என்ற செய்தியும் ஆய்வாளருக்குப் பயன்படும்.

அடுத்தது மெய்ப்பு. ஆய்வேடு 284 பக்கம். எழுதியவருக்குத் தன் பிழை கண்ணில் படாது, இருபது முறை படித்த வரியை மனம் தானே சரியாக வாசித்துவிடும். புதிய கண் வேண்டும். கவனமாகப் படித்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கம் முடியும். அப்படிப் பார்த்தால் ஏறத்தாழ இருபத்தெட்டு மணி நேரம். ஒருவர் செய்தால் இரண்டு வாரம் இழுக்கும், பின்பாதியில் கவனமும் குறையும். நாங்கள் நால்வர் ஆளுக்கு 71 பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். ஒரு வார இறுதியில் முடிந்தது.

பிரித்துக்கொள்வதில் ஒரு ஆபத்து உண்டு. ஒருவர் 'முத்துப்பட்டன்' என்று சேர்த்து எழுதுவதைச் சரி என்பார், இன்னொருவர் 'முத்துப் பட்டன்' என்று பிரித்துவிடுவார். ஒருவர் 'நா. வானமாமலை' என்று விடுவார், இன்னொருவர் 'வானமாமலை, நா.' என்று மாற்றுவார். இப்படி நான்கு கைகள் பட்டால் முன்பு இல்லாத குழப்பம் புதிதாக வந்து சேரும். அதனால் தொடங்கும் முன்பே அவளிடம் ஒரு தாள் வாங்கிக்கொண்டோம். ஆள் பெயர், ஊர்ப் பெயர், அடிக்கடி வரும் கலைச்சொற்கள் ஆகியவற்றை எப்படி எழுத வேண்டும் என்று அவளே முடிவுசெய்த தாள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

எல்லோரிடமும் அதிகம் சிக்கியவை ஒற்றுப்பிழைகள். 'படித்து பார்த்து', 'கேட்டு கொண்டு' போன்றவை பக்கத்துக்கு மூன்று நான்கு. கணினியில் வெட்டி ஒட்டும்போது ஒற்று எளிதாகக் காணாமல் போகிறது. இவற்றை நீல மையால் திருத்தினோம். ஐயமானவற்றைப் பென்சிலால் வட்டமிட்டு விட்டுவிட்டோம். பென்சில் வட்டத்தின் தீர்ப்பு அவளுடையது.

ஆனால் எங்களில் ஒருவர், மிகுந்த அக்கறையால், பாடல் வரிகளிலும் கை வைத்துவிட்டார். கலைஞர் பாடிய 'வாரான்' என்பதை 'வருகிறான்' என்றும், 'சொல்லுதா' என்பதை 'சொல்கிறாள்' என்றும் திருத்தியிருந்தார். அது பிழை அல்ல, அதுதான் தரவு. ஒலிப்பதிவைக் கேட்டு, அந்த வட்டாரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர அவள் எத்தனை இரவு செலவழித்திருப்பாள்! நல்லவேளை, திருத்தம் தாளில்தான் இருந்தது, கணினிக் கோப்பில் இல்லை. ஆய்வேட்டை மெய்ப்பு பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது. மேற்கோள் குறிக்குள் இருப்பதையும், களப்பணியில் பதிவுசெய்ததையும், அட்டவணையில் உள்ள எண்களையும் தொடக் கூடாது. மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். வாக்கியத்தை அழகாக்குவதும் நம் வேலை இல்லை. ஆய்வேட்டின் சொற்கள் அவளுடையவையாகவே இருக்க வேண்டும். நாம் எழுதிக்கொடுத்தால் அது உதவி அல்ல, குற்றம்.

மெய்ப்பைவிட அலுப்பானது துணைநூற்பட்டியல் சரிபார்ப்பு. இதை இருவர் சேர்ந்து செய்தால் எளிது. ஒருவர் இயலுக்குள் வரும் ஒவ்வொரு நூற்குறிப்பையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவர் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து ஒரு கோடு போட வேண்டும். முடிவில் கோடு விழாத நூல்கள் ஆய்வேட்டில் பயன்படாதவை. உள்ளே வந்து பட்டியலில் இல்லாதவை விடுபட்டவை. எங்களுக்குக் கோடு விழாதவை ஒன்பது, விடுபட்டவை ஆறு. தேர்வாளர்கள் பலர் பட்டியலைத்தான் முதலில் புரட்டுகிறார்கள் என்று அவளுடைய நெறியாளர் சொல்லியிருந்தார்.

இனி எழுத்துரு. தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு உள்ள தொல்லை இது. முதல் இரண்டு இயல்களையும் தட்டச்சு நிலையத்தில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கியிருந்தாள், மற்றவற்றை யுனிகோடில் தானே அடித்திருந்தாள். பழைய எழுத்துருவில் திரையில் தெரிவது தமிழ்தான், ஆனால் கணினிக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பல்கலைக்கழகம் ஒப்புமைச் சோதனைக்கு அனுப்பும்போது மென்பொருளால் அதைப் படிக்க முடியாது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, கணினியில் உள்ள நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யுனிகோடு. புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் பழைய எழுத்துரு. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு வரிவரியாகப் பார்க்க வேண்டும். ஒகர ஓகாரக் கொம்புகள் இடம் மாறி நிற்கும், இடையே வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் சிதையும். கணினி தெரிந்த நண்பர் ஒருவர் இந்த ஒரு வேலையை ஏற்றுக்கொண்டாலே பெரிய பரிசு.

ஒப்புமை என்றதும் பலருக்கும் அச்சம் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி பத்து விழுக்காடு வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. மூலத்தைச் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. கதைப்பாடல் ஆய்வில் மேற்கோள் மிகுதி என்பதால் தோழி மிகவும் கலங்கியிருந்தாள். அறிக்கையை நூலகரோடு உட்கார்ந்து படித்து, எது மேற்கோள், எது அவள் உரைநடை என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் தூங்கினாள்.

அச்சுக்கடைக்குத் தனியாக அனுப்பாதீர்கள். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்துத் திருநெல்வேலிக்குப் போய் அவளோடு சென்றேன். முதலில் போன கடையில் வேர்ட் கோப்பை அப்படியே திறந்தார்கள். அந்தக் கணினியில் அவள் பயன்படுத்திய எழுத்துரு இல்லை. வேறொரு எழுத்துரு தானே வந்து உட்கார்ந்தது. 284 பக்கம் 291 ஆனது. பார்த்தால் எல்லாம் தமிழ்தான், அழகாகவே இருந்தது. பொருளடக்கத்தில் நான்காம் இயல் 158ஆம் பக்கம் என்று இருக்க, தாளில் 163இல் தொடங்கியதால்தான் கண்டுபிடித்தோம். இதைத் தவிர்க்க, வீட்டிலேயே பி.டி.எஃப். ஆக மாற்றி, எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்று பார்த்துக் கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு படி அச்சடித்து, தாள் தாளாகப் புரட்டி, ஒவ்வொரு இயலின் தொடக்கத்தையும் பொருளடக்கத்தோடு ஒப்பிட்ட பிறகே மற்றப் படிகள்.

கெட்டி பைண்டிங்குக்கு இரண்டு நாளாவது விட வேண்டும். அட்டையில் தங்க எழுத்து பொறிக்கும் முன் வாசகத்தைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வேட்டின் தலைப்பு பல்கலைக்கழகம் ஒப்புதல் தந்த ஆணையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அந்த ஆணையின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, தோழி படிக்க நான் அட்டையைப் பார்த்தேன். ஒரு 'ச்' விடுபட்டிருந்தது. பொறித்த பிறகு தெரிந்திருந்தால் ஐந்து அட்டைகளும் வீண்.

நாங்கள் ஐந்து படிகளுக்குப் பதில் ஏழு போட்டோம். கூடுதல் இரண்டின் செலவு என்னுடையது. கடைசியில் காசு கொடுத்து நான் வாங்கிய பரிசு அதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொடுக்கக் கூடாதவை சிலவற்றையும் சொல்ல வேண்டும். 'முனைவர்' என்று பெயருக்கு முன் பொறித்த பெயர்ப்பலகை அழகான பரிசு. ஆனால் வாய்மொழித் தேர்வு முடிந்து பல்கலைக்கழகம் அறிவிக்கும் வரை அந்தச் சொல் அவருடையதல்ல. முன்கூட்டிக் கொடுத்தால் அது அலமாரிக்குள் ஒளிந்திருந்து மனதை உறுத்தும். உங்கள் தோழியின் தலைப்பிலேயே நேற்று வெளிவந்த புத்தகத்தையும் இப்போது கொடுக்காதீர்கள். 'இதையும் சேர்க்க வேண்டுமோ' என்று ஓர் இயலையே கலைத்துவிடுவாள். வாங்கி வைத்திருங்கள், அதற்கு ஒரு நேரம் வருகிறது. "எப்போ முடிக்கப் போறே?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில், எதிர்பார்க்காத ஒரு மாலையில் மூன்று வேளைக்கு ஆகும் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டு, உட்காராமல் திரும்பி வாருங்கள். குழந்தை இருக்கும் வீடென்றால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குழந்தையை அழைத்துப் போங்கள். தோழியின் நாத்தனார் ஐந்து ஞாயிறுகள் அதைச் செய்தார். எங்கள் எல்லோரையும்விடப் பெரிதாகக் கொடுத்தவர் அவர்தான்.

சமர்ப்பித்த நாள் முடிவு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். உண்மையில் அது நீண்ட காத்திருப்பின் தொடக்கம். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்கு வெளியே உள்ள குறைந்தது இரண்டு தேர்வாளர்களுக்குப் போகும். அவர்களின் அறிக்கைகள் வர வேண்டும், அதன் பிறகு பொது வாய்மொழித் தேர்வு. இவையெல்லாம் ஆறு மாதத்துக்குள் முடியும்படி ஏற்பாடு இருக்க வேண்டும் என்கின்றன மானியக் குழுவின் 2022 விதிகள். சில நேரம் அதைத் தாண்டியும் போகும். ஆறு ஆண்டு ஓடிய ஓட்டம் திடீரென்று நின்றதும் பலருக்கு வெறுமை வருகிறது. தோழி முதல் வாரம் தூங்கினாள், இரண்டாம் வாரம் அழுதாள். அவளை மணப்பாட்டுக் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். ஆய்வைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

நான் வாங்கி வைத்திருந்த புதிய புத்தகத்தை மூன்றாம் மாதம் கொடுத்தேன். இப்போது அதைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் தேர்வாளர் அதைப் பற்றிக் கேட்கலாம். படித்து, தன் முடிவுகளோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று இரண்டு பக்கம் எழுதிவைத்துக்கொண்டாள்.

நெதர்லாந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வேட்டுக்கு வாதாடும் நாளில் ஆய்வாளரின் பக்கத்தில் அவர் தேர்ந்தெடுத்த இருவர் நிற்பார்கள். பாரானிம்ஃப் என்று அவர்களுக்குப் பெயர். பெரும்பாலும் நண்பர்கள் அல்லது உடன்பிறந்தவர்கள். கேள்விக்குப் பதில் சொல்வதல்ல அவர்கள் வேலை. அன்றைய ஏற்பாடுகளைக் கவனிப்பதும் அருகில் இருப்பதுமே. நம் ஊரில் அப்படி ஒரு பதவி இல்லை, வேலை மட்டும் இருக்கிறது. புறத் தேர்வாளருக்குப் பொன்னாடை, வந்தவர்களுக்குத் தேநீர், மதிய உணவு எல்லாம் ஆய்வாளர் தலையில் விழும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பதில் சொல்ல நிற்க வேண்டியவர் சமோசா எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பொறுப்பை ஒரு தோழியிடம் முழுவதுமாக விட்டோம்.

நான் கடைசி வரிசையில் ஒரு குறிப்பேட்டோடு உட்கார்ந்தேன். பொது வாய்மொழித் தேர்வு என்பதால் யாரும் கேட்கலாம். ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். பதினொரு கேள்விகள், நான்கு பரிந்துரைகள். பதற்றத்தில் நிற்பவருக்கு அவற்றில் பாதிகூட நினைவில் நிற்காது. ஆய்வேட்டை நூலாக்கும்போது வேறு யாரும் சொல்லாத திருத்தங்கள் அங்கேதான் கிடைக்கின்றன. மாலையில் அந்தக் குறிப்பேட்டை அவளிடம் கொடுத்தேன். மூன்றாவது கேள்வியைப் படித்துவிட்டு, "இப்படியா கேட்டார்? நான் வேற எதுக்கோ பதில் சொல்லியிருக்கேனே" என்றாள். இப்போது அவள் எழுதிவரும் நூலில் அந்தக் கேள்விக்கு ஒரு தனி இயல் இருக்கிறது.

கூடுதல் படிகள் இரண்டில் ஒன்று அவள் பெற்றோருக்கு. பல்கலைக்கழகம், நெறியாளர் என்று கொடுத்த பின் ஆய்வாளர் கையில் பெரும்பாலும் ஒரு படிதான் மிஞ்சும், வீட்டுக்கு என்று எதுவும் இருக்காது. இரண்டாவது படியைத் தேர்வு முடிந்த மறுவாரம் எடுத்துக்கொண்டு, அவளுக்கு மூன்று ஆண்டு பாடிக் காட்டிய வில்லுப்பாட்டுக் கலைஞரின் வீட்டுக்குப் போனோம். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. பின்னிணைப்பில் இருந்த தம் பாடலை விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். நாற்பதாவது வரியில் நின்று, "இங்க ஒரு அடி விட்டுப்போச்சே, தாயி" என்றார். அவள் பேனாவை எடுத்து, அவர் பாடப் பாட அந்த அடியைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினாள்.